குறையும் துணி, மாறும் மனிதர்: 'காந்தி' (1982) திரைப்படத்தின் ஆடை வடிவமைப்பில் காலமும் வர்க்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ரிச்சர்ட் அட்டன்பரோ இயக்கிய 'காந்தி' (1982) திரைப்படத்தில் காலம், சமூகப் படிநிலை, தலைமைப் பாத்திரத்தின் மாற்றம் ஆகிய மூன்றையும் ஆடை எவ்வாறு உணர்த்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. துணியின் அகலம், முரட்டுத்தன்மை, உடுத்தும் முறை ஆகியவை படத்தில் பொருள் தரும் விதம் முதலில் விளக்கப்படுகிறது. ஆற்றங்கரைக் காட்சியும் 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி அரையாடை ஏற்ற நிகழ்வும் அடுத்து ஒப்பிடப்படுகின்றன. ஏழைகள் எழுப்பிய பொருளாதார வாதத்திற்கு விடையாக அமைந்த ஆடை மாற்றம், படத்தில் ஒரு தனிமனிதரின் இரக்கச் செயலாக மாறிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆடை வடிவமைப்பு, வரலாற்றுத் திரைப்படம், கதர், அரையாடை, பானு அத்தையா, மதுரை.

முன்னுரை

வரலாற்றுத் திரைப்படத்தின் ஆடையை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அது அக்காலத்து ஆடைதானா என்ற ஒரு வினாவோடு நின்றுவிடுகின்றனர். இவ்வினா தேவையானதே, எனினும் போதுமானதன்று. அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து வந்தது போன்ற துல்லியமான ஆடையும், கதைக்குள் அதை உடுத்தியவர் ஏன் உடுத்தினார் என்பது புலப்படாவிடில், வெறும் அலங்காரமாகவே எஞ்சும். ஆதலால் அந்த ஆடை அணிந்தவரைப் பற்றி அவர் காலத்து மக்களுக்கு என்ன சொல்லியது, அதையே படம் இன்றைய பார்வையாளருக்குச் சொல்கிறதா என்பவற்றையும் சேர்த்தே வினவ வேண்டும்.

இவ்வினாக்களுக்கு 'காந்தி' திரைப்படம் தகுந்த களமாகும். இப்படத்தின் ஆடை வடிவமைப்பிற்காகப் பானு அத்தையாவும் ஜான் மொல்லோவும் 1983இல் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர். ஆஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் பானு அத்தையா. கோலாப்பூரில் பிறந்து, ஓவியக் கல்வி பெற்று, 'சி.ஐ.டி.' (1956) முதல் இந்தித் திரைப்படங்களில் பணியாற்றிவந்த அவர் இந்தியப் பாத்திரங்களின் உடைகளுக்குப் பொறுப்பேற்றார். இராணுவச் சீருடைகளின் வரலாற்றில் புலமை பெற்ற மொல்லோ ஆங்கிலேயர் தரப்பைக் கவனித்தார். படத்தின் உலகமே சீருடைக்கும் கைநெசவுத் துணிக்கும் இடையிலான எதிர்நிலை மீது நிற்பதால், இப்பணிப் பிரிவினை பொருத்தமாக அமைந்தது.

வடிவமைப்பாளர்கள் முன் நின்ற சிக்கல் எளிதானதன்று. பொதுவாகக் கதைமாந்தரின் வளர்ச்சியை ஆடையைக் கூட்டிக் காட்டுவர்; ஏழை செல்வனானால் பட்டும் பொன்னும் சேரும். இங்கோ மாந்தர் உயர உயர ஆடை குறைகிறது. மேலும் 191 நிமிடப் படத்தின் பிற்பகுதியில் திரையை நிறைப்பது ஒரே வெள்ளை நிறம். வெள்ளைக்குள்ளேயே காலத்தையும் வர்க்கத்தையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டிய நிலையில், நிறத்தைத் தவிர்த்த பிற பண்புகளே பொருள் தரும் கருவிகளாயின.

இறுதியிலிருந்து தொடங்கும் ஆடை

படம் காலவரிசையில் தொடங்குவதில்லை. 1948 ஜனவரி 30 அன்று நிகழ்ந்த கொலையும் அதன்பின் இறுதி ஊர்வலமும் முதலில் வருகின்றன. இடையில் சிறு கதரும் தோளில் போர்வையுமாகப் பார்வையாளர் அறிந்த காந்தியே முதலில் தோன்றுகிறார். அதன் பின்னரே கதை 1893ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க இரயில் பெட்டிக்குச் செல்கிறது. அங்கே முதல் வகுப்பில் ஐரோப்பிய கோட்டும் சூட்டும் அணிந்த இளம் வழக்கறிஞர் அமர்ந்திருக்கிறார்.

இந்த அடுக்குமுறை ஆடையின் பொருளைத் தலைகீழாக்குகிறது. காலவரிசையில் சொல்லப்பட்டிருந்தால் சூட்டு அவருடைய இயல்பான உடையாகவும் கதர் பிற்காலத்துத் தேர்வாகவும் தோன்றியிருக்கும். இறுதியாடையை முதலில் கண்ட பார்வையாளருக்கோ சூட்டுதான் வேடமாகத் தெரிகிறது. பெட்டியிலிருந்து அவர் வெளியேற்றப்படும்போது, அந்த வேடம் ஏற்கப்படவில்லை என்பதும் புரிகிறது. சூட்டு ஒரு கோரிக்கை. படித்தவன், சட்டம் அறிந்தவன், கட்டணம் செலுத்தியவன் என்பதை அது முன்வைக்கிறது. தோலின் நிறத்தைப் பார்க்கும் அதிகாரி அக்கோரிக்கையைப் படிப்பதே இல்லை. வர்க்கத்தை உணர்த்தும் ஆடை இனப்பாகுபாட்டின் முன் செயலிழப்பதை வசனம் விளக்குமுன் காட்சியே விளக்கிவிடுகிறது.

வரலாற்றில் அக்காலத்து ஆடைநிலை இதைவிடச் சிக்கலானது. டர்பன் நீதிமன்றத்தில் தோன்றியபோது காந்தி ஐரோப்பிய கோட்டுடன் இந்தியத் தலைப்பாகையும் அணிந்திருந்தார். அதைக் கழற்றுமாறு நீதிபதி கூற, மறுத்து வெளியேறினார். 1896இன் இறுதியில் குடும்பத்தைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துச் செல்லும்போது கஸ்தூரிபாவுக்குப் பார்சி முறையில் சேலையும், பிள்ளைகளுக்குப் பார்சிக் கோட்டும் கால்சட்டையும் அணிவித்தார். இந்தியருள் பார்சிகளே மிகவும் நாகரிகமானவர்களாக அன்று கருதப்பட்டனர் என்பதே இதற்கு அவர் தன்வரலாற்றில் தரும் காரணம். ஐரோப்பிய உடை முழுமையாகப் பொருந்தாத இடத்தில் இந்தியருக்குள்ளேயே ஒரு படி மேலான ஆடை தேடப்பட்டது. உடை சமூக ஏணி என்பதை அவர் முதலில் ஏறுபவராகவே அறிந்திருந்தார். பிற்காலத்து இறக்கம் அந்த அறிவின் மறுபக்கமாகும். படம் இந்த இடைப்படிகளைத் தவிர்த்து, சூட்டு, கதர் என்னும் இரு முனைகளையே முதன்மைப்படுத்துகிறது.

துணியின் அகலமும் வர்க்கமும்

வெள்ளை வேட்டி உடுத்திய இருவருள் யார் வசதியானவர் என்பதைத் திரையில் எவ்வாறு அறிவது? முதல் அடையாளம் வேட்டியின் கீழ்விளிம்பு நிற்கும் இடம். வேட்டி உடுத்தும்போது துணியின் அகலமே உடலில் மேலிருந்து கீழாக நிற்கும். சராசரி உயரமுள்ள ஆணுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஏறத்தாழ 38 முதல் 40 அங்குலம் இருக்கும். இடுப்பில் செருகும் பகுதியையும் சேர்த்தால், கணுக்காலை எட்டும் வேட்டிக்குச் சுமார் 45 அங்குல அகலம் வேண்டும். ஆலைத் தறியில் இது எளிது. குறுகிய கைத்தறியிலோ ஊடைநாடாவை வீசும் தொலைவே அகலத்திற்கு எல்லையாகிறது.

இது ஆடை வரலாற்றில் முக்கியமான செய்தி. ஆசிரமத்திலும் விஜாப்பூரிலும் முதலில் நெய்யப்பட்ட முரட்டுக் கதர் 30 அங்குல அகலமே கொண்டிருந்தது; ஆசிரமத்தில் உருவான முதல் கதர் கெஜத்திற்கு 17 அணா ஆயிற்று என்று காந்தி பதிவு செய்துள்ளார். அப்போது அவருடைய வேட்டி இந்திய ஆலைத் துணியாகவே இருந்தது. ஒரு மாதத்திற்குள் 45 அங்குல அகலக் கதர் வேட்டி கிடைக்காவிடில் குட்டையான முரட்டுக் கதரையே உடுத்தப்போவதாகக் கங்காபென்னிடம் அவர் கூறினார். குறித்த காலத்திற்குள் 45 அங்குல வேட்டிகள் வந்து சேர்ந்தன.

இந்நிகழ்வு உணர்த்தும் பொருள் தெளிவானது. 30 அங்குலத் துணியில் செருகும் பகுதி போக எஞ்சுவது முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரையே எட்டும். வயலிலும் சாலையிலும் உழைப்போரின் வேட்டி நிற்கும் இடமும் ஏறத்தாழ அதுவே. எனவே குட்டை வேட்டி என்பது துறவின் குறியீடாக மாறுமுன் தறியின் அளவாலும் துணியின் விலையாலும் நேர்ந்த நிலையாக இருந்தது. பின்னாளில் காந்தி விரும்பி ஏற்ற உடையை ஏழை ஏற்கெனவே விரும்பாமல் உடுத்தியிருந்தார்.

படத்தின் கூட்டக் காட்சிகளில் இந்த வேறுபாடு பயன்பட்டுள்ளது. மேடையிலும் முன்வரிசையிலும் இருக்கும் காங்கிரஸ் தலைவர்களின் வேட்டி கணுக்கால் வரை மடிப்புக் கலையாமல் விழுகிறது. கிராம மக்களின் துணி முழங்காலருகே நின்று, வெண்மை மங்கிப் பழுப்பேறிக் காணப்படுகிறது. வசனமின்றியே, ஒரே நிறத்துக்குள் இரு வர்க்கங்கள் பிரிந்து நிற்கின்றன. படத்தின் பிற்பகுதியில் காந்தியின் துணி இந்த இரண்டாம் குழுவின் உயரத்திற்கு ஏறிவிடுகிறது. தலைவர்களோடு உரையாடும் காட்சிகளிலும் அவருடைய கால்கள் மக்களின் கால்களாகவே தெரிகின்றன.

இரண்டாம் அடையாளம் துணி விழும் விதம். நூலின் நுண்மையைத் திரையில் எண்ணிக் காண இயலாது, மடிப்பைக் காணலாம். மெல்லிய ஆலைத் துணி நெருக்கமான சிறு மடிப்புகளாக உடலோடு ஒட்டி விழும். கையால் நூற்ற முரட்டுக் கதரில் நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பதால், மடிப்புகள் பருத்து உடலை விட்டு விலகி நிற்கும். பக்கவாட்டில் ஒளி விழும்போது அதன் பரப்பு சொரசொரப்பாகத் தோன்றும். கதர் என்று சொல்லப்படும் ஆடை கதராக இல்லாத படங்களில் தவறு முதலில் வெளிப்படுவது இங்கேதான்: நிறம் சரியாக இருக்கும், ஆனால் துணி வழுக்கி விழும்.

மூன்றாம் அடையாளம் பழமை. புதிதாகத் தைத்த ஆடையை அப்படியே அணிவித்தால் அது கடையிலிருந்து வந்ததாகத்தான் தெரியும். ஆகவே திரைத்துறையில் ஆடையைப் பலமுறை துவைத்து, முழங்கை, கழுத்து, விளிம்பு போன்ற உராயும் இடங்களைத் தேய்த்து, புழுதி ஏற்றிப் பழக்குவர். தூய வெண்மை படச்சுருளில் விவரங்களை விழுங்கிவிடும் என்பதால் தேநீர் போன்ற மென்சாயத்தில் நனைத்து அதன் கூர்மையைக் குறைப்பதும் வழக்கம். இதில் நேரும் பெரும்பிழை எல்லா ஆடையையும் ஒரே அளவில் பழக்குவது. உண்மையான ஏழையின் துணி ஒரே சீராக அழுக்கடைவதில்லை. சுமை தாங்கும் தோளும் தரையில் அமரும் பின்புறமும் முதலில் நைந்துபோகும். ஆடை தேயும் இடம் அணிந்தவரின் தொழிலைச் சொல்லும்.

உடன் நிற்போரின் ஆடை

தலைமைப் பாத்திரத்தின் மாற்றம் தனியே நின்றால் அது தனிப்பட்ட விரதமாகவே தோன்றும். அதை அரசியலாக்குவது சுற்றி நிற்போரின் ஆடை. இவ்வகையில் மூவரை எடுத்துக்கொள்ளலாம்.

கஸ்தூரிபாவாக ரோகிணி ஹட்டங்கடி தோன்றும் தொடக்கக் காட்சிகளில் சேலைக்கு நிறமும் கரையும் உள்ளன. இந்தியக் காட்சிகளில் அவை படிப்படியாக எளிமையாகின்றன. ஆனால் காந்தியின் ஆடையைப் போல அவருடைய ஆடை அளவில் குறைவதில்லை. பெண்ணுக்குத் துணியைக் குறைக்கும் உரிமை இல்லை. தரத்தைக் குறைக்கும் கடமை மட்டுமே உண்டு. ஆடைத் துறவு என்பது ஆணுக்கு மட்டுமே திறந்திருந்த வழி என்ற இந்த உண்மையை, படம் அழுத்திச் சொல்லாமலே பதிவு செய்துவிடுகிறது.

நேருவாக ரோஷன் சேத் முதலில் மேனாட்டு உடையில் நேர்த்தியாகத் தோன்றி, பின்னர் கதருக்கு மாறுகிறார். ஆயினும் அவருடைய கதர் நன்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டதாகவே இறுதிவரை இருக்கிறது. துணி மாறியது, தையற்காரர் மாறவில்லை என்று சொல்லத் தோன்றும். கொள்கையை ஏற்றவருக்கும் வர்க்கத்தைத் துறந்தவருக்கும் உள்ள இடைவெளியை இந்த வெட்டும் தையலும் காட்டுகின்றன.

ஜின்னாவாக அலிக் பதம்சீ நடித்த பாத்திரம் சூட்டைக் கைவிடாமல் தொடர்கிறது. சுற்றிலும் கதர் பெருகப் பெருக, அவருடைய மாறாத உடையே மாற்றமாகத் தெரியத் தொடங்குகிறது. 1915இல் எல்லாத் தலைவர்களோடும் ஒத்திருந்த அதே சூட்டு சில ஆண்டுகளில் விலகலின் அடையாளமாகிறது. ஆடையின் பொருள் ஆடைக்குள் இல்லை, பக்கத்தில் நிற்பவரின் ஆடையில் இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. அதேவேளையில், வேற்று உடையைக் கொண்டே ஒருவரை அன்னியராக்கிவிடும் சாய்வும் இதில் கலந்துள்ளது. ஜின்னாவின் அரசியல் காரணங்கள் விரிவாகப் பேசப்படாத இடங்களில் அவருடைய சூட்டே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

ஆற்றங்கரையும் மேலமாசி வீதியும்

ஆடை மாற்றத்தின் மையமாகப் படம் முன்வைப்பது ஆற்றங்கரைக் காட்சி. இந்தியா திரும்பிய காந்தி நாட்டை அறிவதற்காக இரயிலில் பயணம் செய்யும் பகுதியில் இது வருகிறது. ஆற்றில் துவைத்துக்கொண்டிருக்கும் ஏழைப் பெண் ஒருத்தியின் ஆடை உடலை மறைக்கப் போதாததாக இருக்கிறது. அதைக் காணும் காந்தி தம்மிடமுள்ள வெள்ளைத் துணியை நீரில் மிதக்கவிடுகிறார். துணி அவளை நோக்கிச் செல்கிறது. வசனம் இல்லை; துணியே பாத்திரமாகிறது. படத்தின் மிக அழகிய காட்சிகளுள் இது ஒன்று என்பதில் ஐயமில்லை.

இக்காட்சிக்கு இணையான நிகழ்வு ஒன்று காந்தியின் தன்வரலாற்றில் உண்டு. 1917இல் சம்பாரணில் பெண்களைத் தூய்மையாக இருக்குமாறு அறிவுறுத்தச் சென்ற கஸ்தூரிபாவை ஒரு பெண் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்று, உடுத்தியிருக்கும் சேலையைத் தவிர வேறு துணி இல்லாததைக் காட்டினாள். இன்னொரு சேலை தந்தால் நாள்தோறும் குளித்து மாற்று உடை உடுத்துவதாகவும் சொன்னாள். இங்கே பேசுபவள் அந்தப் பெண். துணியைக் கேட்பதோடு, வசதியானவர் செய்யும் தூய்மைப் போதனையின் பொருளின்மையையும் அவள் எடுத்துக்காட்டுகிறாள். படத்தின் பெண்ணோ பேசுவதில்லை, பெறுகிறாள்.

இரண்டாம் வேறுபாடு இன்னும் பெரியது. காந்தி அரையாடையை ஏற்றது ஆற்றங்கரையிலன்று, மதுரையில். 1921 செப்டம்பரில் அந்நியத் துணி மறுப்பு இயக்கம் உச்சத்தில் இருந்தது. சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் இரயிலில் உடன் பயணம் செய்தோர் அந்நியத் துணி உடுத்தியிருப்பதைக் கண்டு கதர் அணியுமாறு அவர் வேண்டினார். கதர் வாங்கும் அளவுக்கு வசதி இல்லை, விலை அதிகம் என்பது அவர்கள் தந்த விடை. தலைக்குக் குல்லாய், மேலுக்குச் சட்டை, கீழே முழு வேட்டி என அப்போது முழுமையாக உடுத்தியிருந்த காந்தி அந்த விடையின் உண்மையை உணர்ந்ததாக எழுதுகிறார். மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில், செப்டம்பர் 22 அன்று, குல்லாயையும் சட்டையையும் நீக்கி அரையாடை அணிவதாக முடிவு செய்தார். உடலைக் காக்க வேண்டியபோது மட்டும் போர்வை. அக்டோபர் 31 வரை என்று முதலில் எல்லையும் குறித்தார்.

இம்முடிவின் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. அந்நியத் துணியை எரித்தால் அதற்கு ஈடாகக் கதர் வேண்டும். கதரின் உற்பத்தி குறைவு, விலை அதிகம். வசதியுள்ளவர் எரித்துவிட்டு வேறு வாங்கலாம். ஏழை எரித்தால் வெற்றுடம்போடு நிற்க வேண்டும். ஆகவே மறுப்பு இயக்கம் ஏழைக்கும் இயலக்கூடியதாக வேண்டுமெனில் ஒருவருக்குத் தேவைப்படும் துணியின் அளவே குறைய வேண்டும். முழு வேட்டியும் சட்டையும் வாங்க இயலாதவர் ஒரு சிறு கதர்த் துண்டை வாங்க இயலும். அதை உடுத்துவதில் இழிவில்லை என்று காட்டுவதற்கு, மதிக்கப்படும் ஒருவர் அதை உடுத்த வேண்டும். இவ்வாறு அரையாடை ஒரு பொருளாதார முன்மொழிவாகவும் அதற்கான உத்தரவாதமாகவும் அமைந்தது.

இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் படம் செய்த மாற்றத்தின் தன்மை புலப்படும். ஆற்றங்கரையில் துணி கைமாறுகிறது. மதுரையில் எந்தத் துணியும் யாருக்கும் வழங்கப்படவில்லை. ஆற்றங்கரையில் கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் மௌனி. மதுரைக்கு வரும் வழியில் ஏழைகள் மறுத்துப் பேசினர், தலைவர் தம் வாதத்தில் தோற்றார். ஆற்றங்கரையில் ஆடை இரக்கத்தின் விளைவு. மதுரையில் அது விமரிசனத்திற்குத் தரப்பட்ட விடை. அந்நியத் துணி எரிப்புக் காட்சி படத்தில் உண்டு. எனினும் எரித்த பின் ஏழை எதை உடுத்துவார் என்ற வினா அங்கே எழாததால், அதற்கு விடையான அரையாடையும் காரணமின்றியே வந்து சேர்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளரின் துணி

இத்தகைய மற்றோர் இழப்பு தென்னாப்பிரிக்கப் பகுதியில் நேர்கிறது. 1894 அளவில் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி முதலாளியால் தாக்கப்பட்டு, முன்பற்கள் உடைந்து, கிழிந்த ஆடையோடு காந்தியிடம் வந்தார். தலைத்துணியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். ஐரோப்பியரைக் காணச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளி தலைத்துணியை நீக்க வேண்டும் என்பது அங்கு நடைமுறை. இந்தியரான தம் முன்னும் அதே பணிவு காட்டப்பட்டதைக் கண்டு, அதை மீண்டும் அணியுமாறு காந்தி கூறினார். தலைப்பாகையை நீக்க மறுத்து நீதிமன்றத்தைவிட்டு வெளியேறிய வழக்கறிஞரின் வாழ்வில், தலைத்துணியை நீக்கியபடி வந்த தொழிலாளியின் வருகை அந்த ஆடையின் வர்க்கப் பொருளை முழுமையாக்கியது.

1913 வேலைநிறுத்தத்தின்போது ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியில் துக்கத்தின் அடையாளமாக மீசையை மழித்து, தொழிலாளர் உடையைப் போன்ற நீண்ட சட்டையையும் வேட்டியையும் காந்தி ஏற்றார். அத்தொழிலாளருள் பெரும்பகுதியினர் தமிழர். ஆகவே சூட்டிலிருந்து காந்தி முதன்முதலில் வெளியேறியது இந்தியக் கிராமத்தைக் கண்டபின் அன்று. கடல் கடந்து சென்ற கூலித் தொழிலாளரின் உடை வழியாகவே அது நிகழ்ந்தது. இத்துக்க உடையின் நிகழ்வு படத்தில் இடம்பெறவில்லை. சூட்டணிந்தவர் சிறையுடைக்குச் செல்கிறார். அடுத்து 1915இல் பம்பாய்த் துறைமுகத்தில் இந்திய உடையில் இறங்குகிறார். அந்த உடையும் உண்மையில் கத்தியவாடி முறையிலான மேலங்கி, தலைப்பாகை ஆகியவற்றோடு கூடிய முழு உடை. மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தபோது அவற்றை நீக்கி, சட்டை, வேட்டி, எட்டு முதல் பத்து அணா மதிப்புள்ள காஷ்மீர்க் குல்லாய் என அவர் எளிமைப்படுத்திக்கொண்டார். அவ்வுடையில் இருப்பவரை ஏழை என்றே பிறர் கொள்வர் என்பதையும் அவர் குறிப்பிடுகிறார்.

இவ்விரு விடுபடல்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தொழிலாளரின் இறப்பு, பயணிகளின் மறுமொழி என, ஆடை மாற்றத்திற்குப் பிறர் காரணமாக அமைந்த இடங்களே நீக்கப்பட்டுள்ளன. எஞ்சியிருப்பது பிறரைப் பார்த்துத் தாமே முடிவெடுக்கும் ஒருவர்.

இதற்குத் திரைக்கலை சார்ந்த நியாயம் உண்டு என்பதை மறுக்க இயலாது. 55 ஆண்டுகளைச் சுமார் மூன்று மணி நேரத்தில் அடக்கும் படம் ஒவ்வோர் ஆடைப்படிக்கும் காட்சி ஒதுக்க முடியாது. நீரில் மிதக்கும் துணி, கதர் விலை பற்றிய உரையாடலைவிட நினைவில் நிற்கும். எனினும் நீண்ட உரையாடல் தேவைப்பட்டிருக்காது. இரயில் பெட்டியில் முழு உடையோடு அமர்ந்து கதரை வலியுறுத்தும் தலைவரையும், அவருக்கு எதிரே கிழிந்த அந்நியத் துணியோடு விடை சொல்லும் ஒரு பயணியையும் ஒரே சட்டகத்தில் காட்டியிருந்தால், அவ்விரு ஆடைகளே விவாதத்தை நடத்தியிருக்கும். அதற்கான திறன் பானு அத்தையாவின் வடிவமைப்பில் இருந்தது என்பதைக் கூட்டக் காட்சிகளில் அவர் காட்டிய வேட்டி உயரங்களின் வேறுபாடே மெய்ப்பிக்கிறது. குறை துணியில் இல்லை. துணிக்குத் தரப்பட்ட காட்சியில் இருக்கிறது.

முடிவுரை

'காந்தி' திரைப்படத்தில் ஆடை காலத்தையும் வர்க்கத்தையும் நுட்பமாகவே உணர்த்துகிறது. வெள்ளை என்னும் ஒரே நிறத்திற்குள் அகலம், மடிப்பு, தேய்மானம் ஆகியவற்றால் சமூகப் படிநிலைகள் வேறுபடுத்தப்பட்டுள்ளன. கஸ்தூரிபா, நேரு, ஜின்னா ஆகியோரின் உடைகள் காந்தியின் உடைக்கு எதிர்நிலையாகவும் அளவுகோலாகவும் நின்று, அதன் அரசியல் பொருளைத் தெளிவாக்குகின்றன.

பாத்திர மாற்றத்தை உணர்த்துவதில்தான் படம் தடுமாறுகிறது. மாற்றம் நிகழ்ந்தது என்பதை ஆடை ஐயமின்றிக் காட்டுகிறது. யாரால் நிகழ்ந்தது என்பதை மாற்றிச் சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளரிடமிருந்தும் மதுரை இரயிலின் பயணிகளிடமிருந்தும் கற்றுக்கொண்ட மாணவர், படத்தில் அனைத்தையும் தாமே உணர்ந்த ஆசானாகத் தோன்றுகிறார். வரலாற்றுத் திரைப்படத்தின் ஆடையை ஆராய்வோர் துணி, தையல், காலப்பொருத்தம் ஆகியவற்றோடு ஆடை மாறும் கணத்தில் உடனிருப்பவர் யார், அவர் பேசுகிறாரா என்பதையும் கவனிக்க வேண்டும். அரையாடையை ஏற்றவரின் பெயரை வரலாறு அறியும். கதர் வாங்கக் காசில்லை என்று அவரிடம் சொன்ன பயணிகளின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களுடைய வாதம் மட்டுமே அந்த ஆடையில் எஞ்சியிருக்கிறது.